கப்பல் பத்திரமும் காசும்: சிறு ஏற்றுமதியாளர் அறிய வேண்டியவை

கடல் கடந்து சரக்கு அனுப்புகிறவருக்கும் அதை வாங்குகிறவருக்கும் இடையே ஒரு பழைய சங்கடம் உண்டு. பணம் வந்தால்தான் சரக்கைக் கொடுப்பேன் என்கிறார் விற்பவர். சரக்கு வந்தால்தான் பணம் தருவேன் என்கிறார் வாங்குபவர். இருவரும் ஒரே ஊரில் இருந்தால் கடைப்பலகையின் மீது ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளலாம். இருவருக்கும் நடுவே ஒரு மாதக் கப்பல் பயணம் இருக்கும்போது அது ஆகாது. இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வணிக உலகம் கண்ட வழிகளில் ஒன்றுதான், சரக்குக்கு உரிய பத்திரங்களைப் பாங்குகளின் மூலம் அனுப்பிப் பணத்தை வசூலிக்கும் முறை. தில்லியிலும் மும்பையிலும் சூரத்திலும் குடியேறிச் சிறு அளவில் ஏற்றுமதித் தொழில் செய்யும் நம்மவர் பலர் இந்த முறையை நாள்தோறும் கையாளுகின்றனர். ஆயினும் இதில் பாங்கு எதற்குப் பொறுப்பு, எதற்குப் பொறுப்பல்ல என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. பணம் நின்றுபோன பிறகே அது தெரியவருகிறது.

முதலில் பத்திரங்களைப் பற்றிப் பேசுவோம். சரக்கைக் கப்பலில் ஏற்றியதும் கப்பல் கம்பெனியார் ஒரு சீட்டுக் கொடுக்கின்றனர். வணிகர் இதை ‘பில் ஆப் லேடிங்’ என்பர். நாம் கப்பல் பத்திரம் என்று வைத்துக்கொள்வோம். இது வெறும் ரசீதன்று. சரக்கின் மீதுள்ள உரிமையே இதில் அடங்கியிருக்கிறது. குறிப்பிட்ட ஒருவரின் பெயருக்கு என்று எழுதாமல், ‘ஆணைப்படி கொடுக்க’ என்று எழுதப்பட்ட கப்பல் பத்திரத்தை மேலெழுத்துப் போட்டு வேறொருவருக்கு மாற்றலாம். எதிர்த் துறைமுகத்தில் மூலப் பத்திரத்தைக் காட்டுகிறவருக்கே கப்பல் கம்பெனி சரக்கை ஒப்படைக்கும். எனவே பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் சரக்கின் சாவி இருக்கிறது.

இதனுடன் விலைப்பட்டியல், பெட்டிக் கட்டு விவரம், பிறப்பிடச் சான்று, தேவையானால் இன்ஷூரன்ஸ் பத்திரம் ஆகியவற்றை ஏற்றுமதியாளர் சேர்க்கிறார். வாங்குபவர் பேரில் ஓர் உண்டியலும் எழுதுகிறார். வடநாட்டுக் கடைவீதிகளில் வாழும் நேயர்களுக்கு உண்டியலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கண்டவுடன் பணம் கொடுக்க வேண்டிய தர்சனி ஹுண்டியும், தவணை கழித்துக் கொடுக்க வேண்டிய முத்ததி ஹுண்டியும் அங்கே தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்தவை. நாம் பேசப்போகும் இரண்டு முறைகளும் இவற்றின் உடன்பிறப்புகளே.

உண்டியலுடன் கூடிய பத்திரக் கட்டை ஏற்றுமதியாளர் தம் பாங்கில் கொடுக்கிறார். அந்தப் பாங்கு அதை வாங்குபவர் நாட்டிலுள்ள ஒரு பாங்குக்கு அனுப்புகிறது. கட்டின் மேல் ஓர் ஆணைக் கடிதம் இருக்கும். அதில் எழுதியுள்ளபடி அந்த வெளிநாட்டுப் பாங்கு நடந்துகொள்ளும். ‘பணம் பெற்றுக்கொண்டு பத்திரங்களைக் கொடு’ என்று எழுதியிருந்தால் அது ‘டி.பி.’ முறை. ‘உண்டியலை ஏற்றுக் கையெழுத்திட்டவுடன் பத்திரங்களைக் கொடு, பணத்தைக் கெடுவில் வசூல் செய்’ என்று எழுதியிருந்தால் அது ‘டி.ஏ.’ முறை. இவ்விரண்டுக்கும் உலகெங்கும் வழங்கும் பொது விதிகளைச் சர்வதேச வணிகச் சபை வகுத்துள்ளது. 1996 ஜனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள அந்தத் தொகுதிக்கு 522 என்று எண்.

இனி ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு இவற்றைப் பரிசீலிப்போம். தில்லியில் வாழும் தமிழர் ஒருவர் மொராதாபாத்தில் பித்தளை விளக்குகளும் பூச்சாடிகளும் செய்வித்து, ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து வியாபாரி ஒருவருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியல் 20,000 டாலர். சரக்குக்கும் கப்பல் கூலிக்குமாக அவர் கையிலிருந்து போட்டது 18,000. எல்லாம் ஒழுங்காக நடந்தால் லாபம் 2,000 டாலர். கப்பல் பத்திரத்தின் தேதி மார்ச் 1.

டி.பி. முறையில், மார்ச் 10-ஆம் தேதிவாக்கில் பத்திரக் கட்டு ஹாம்பர்க் பாங்கை அடைகிறது. பாங்கு வியாபாரிக்கு அறிவிக்கிறது. அவர் 20,000 டாலரைக் கட்டினால் பத்திரங்கள் அவர் கைக்குப் போகும். கட்டாவிட்டால் பத்திரங்கள் பாங்கிலேயே இருக்கும்; சரக்கும் நம்மவருடையதாகவே இருக்கும். பல வியாபாரிகள் கப்பல் துறைமுகத்தை நெருங்கும் வரையில் பணம் கட்டாமல் காத்திருப்பது வழக்கம். ஆகையால் ‘கண்டவுடன்’ என்பது நடைமுறையில் ‘கப்பல் வந்தவுடன்’ என்றே ஆகிவிடுகிறது. இது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கப்பல் வந்து சேர்ந்த பின்னும் வியாபாரி வாய் திறக்கவில்லை என்றால்தான் கவலைக்கு இடம்.

அப்படி அவர் மறுத்துவிட்டால் என்ன ஆகும்? சரக்கு நம்முடையதுதான், ஆனால் அது ஹாம்பர்க்கில் கிடக்கிறது. சில நாள் சலுகைக்குப் பிறகு துறைமுகக் கிடங்குக் கூலியும் பெட்டகத்துக்கான தாமதக் கட்டணமும் நாள்தோறும் ஏறும். இந்த நிலையை நன்கறிந்த வியாபாரி, ‘சந்தையில் விலை இறங்கிவிட்டது, 20 விழுக்காடு குறைத்தால் எடுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதுவார். குறைத்தால் நம்மவருக்கு 16,000 கிடைக்கும்; கைமுதலில் 2,000 போகும். வேறொரு வியாபாரியைத் தேடிப் பிடித்து 15,000-க்கு விற்று, அதற்குள் ஏறிவிட்ட துறைமுகச் செலவு 1,500-ஐக் கொடுத்தால், எஞ்சுவது 13,500, நஷ்டம் 4,500. திருப்பிக் கொண்டுவருவதானால் திரும்பும் கூலியைக் கொடுப்பதோடு, ஏற்றுமதிக்காகச் சர்க்காரிடம் பெற்ற சலுகைகளையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும். சில நாடுகளில், முதலில் பெயர் குறிக்கப்பட்ட வியாபாரி ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாலன்றிச் சுங்கத்தார் சரக்கை வேறொருவருக்குக் கொடுப்பதில்லை; திருப்பி அனுப்பவும் விடுவதில்லை. அங்கே மறுத்தவர் கையிலேயே மீண்டும் சாவி போய்விடுகிறது. ஆகவே, டி.பி. முறை சரக்கைக் காக்கிறது. விலையைக் காப்பதில்லை என்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரக்கைக் காக்கும் இந்தச் சக்தியும் ஏற்றுமதியாளரின் கவனக்குறைவால் அழிந்துபோவதுண்டு. கப்பல் பத்திரம் வழக்கமாக மூன்று மூலப் பிரதிகளாக எழுதப்படும். அவற்றில் எந்த ஒன்றைக் காட்டினாலும் சரக்கு கிடைத்துவிடும்; மற்ற இரண்டும் அப்போதே செல்லாதவை. ‘சுங்க வேலை சீக்கிரம் முடியட்டும், ஒரு பிரதியை எனக்கு நேரே அனுப்பிவிடுங்கள்’ என்று வியாபாரி கேட்டு, நம்மவரும் அதற்கு இசைந்தால், பாங்கில் உள்ள இரண்டு பிரதிகளும் வெறுங்காகிதமாகிவிடும். கப்பல் பத்திரத்தை நேரே வியாபாரியின் பெயருக்கே எழுதச் செய்வதும், கடல்வழிச் சீட்டை மட்டும் பெற்றுக்கொள்வதும் இதே போன்ற தவறுகள்தாம். விமானத்தில் அனுப்பும்போது கிடைக்கும் சீட்டோ உரிமைப் பத்திரமே அன்று. அதில் பெயர் குறிக்கப்பட்டவர் தாம் இன்னார் என்று காட்டிச் சரக்கை எடுத்துக்கொள்வார். ஆகவே விமானச் சரக்குக்கு டி.பி. என்று எழுதுவது பூட்டில்லாத கதவுக்குச் சாவி தேடுவதாகும். பாங்கின் பெயருக்கே சரக்கை அனுப்பிவிடலாமே என்று தோன்றலாம். ஆனால் பாங்கு முன்கூட்டியே சம்மதித்தாலன்றி அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று விதி சொல்கிறது.

அடுத்தது டி.ஏ. முறை. அதே சரக்கு, அதே தேதி. ஆனால் 60 நாள் தவணை. மார்ச் 12 அன்று வியாபாரி பாங்குக்கு வந்து உண்டியலின் முகத்தில் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்திடுகிறார். அந்தக் கணமே பத்திரங்கள் அவர் கைக்கும், கப்பல் வந்ததும் சரக்கு அவர் கிடங்குக்கும் போய்விடுகின்றன. நம்மவரிடம் எஞ்சியிருப்பது ஒரு கையெழுத்து மட்டுமே. அது மதிப்பற்றதன்று. கணக்கு வழக்குகளை நிரூபிக்காமல் உண்டியலை மட்டும் காட்டியே வியாபாரியின் நாட்டில் வழக்கிடுவது பெரும்பாலும் எளிது. ஆனால் அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் வியாபாரியைத் தவிர வேறு யாரும் இல்லை. கையெழுத்து பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டுமே பாங்கு பார்க்கும். அது உண்மையானதுதானா, இட்டவருக்கு அதிகாரம் உண்டா என்பதற்குப் பாங்கு பொறுப்பேற்பதில்லை. கெடுவில் பணம் வராவிட்டால், போட்ட 18,000 டாலர் முழுவதும் ஆபத்தில் இருக்கிறது. அதை ஈடுகட்ட இதே போன்ற ஒன்பது ஏற்றுமதிகளின் லாபம் வேண்டும். ‘டி.பி.’ என்பதற்கும் ‘டி.ஏ.’ என்பதற்கும் இடையே உள்ள ஓர் எழுத்து வித்தியாசத்தின் விலை இதுதான்.

இங்கே கெடுவை எழுதும் விதத்தைக் கவனிக்க வேண்டும். ‘பார்த்த நாளிலிருந்து 60 நாள்’ என்று உண்டியல் எழுதினால், வியாபாரி மார்ச் 12-இல் ஏற்றுக்கொண்டால் கெடு மே 11. அவர் ஏற்றுக்கொள்வதை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் கெடுவும் ஒரு மாதம் தள்ளிப்போகும். ஏனெனில் அவர் கையெழுத்திடும் வரையில் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. ‘கப்பல் பத்திரத் தேதியிலிருந்து 60 நாள்’ என்று எழுதினாலோ, அவர் எப்போது கையெழுத்திட்டாலும் கெடு ஏப்ரல் 30-தான். தவணை தருவது தவிர்க்க முடியாதபோது இந்த இரண்டாவது விதமே சிறு முதலாளிக்கு ஏற்றது. மேலும், ஆணைக் கடிதத்தில் டி.பி.யா, டி.ஏ.யா என்று சொல்லாமல் விட்டுத் தவணை உண்டியலை மட்டும் அனுப்பினால், பணம் பெற்ற பிறகே பத்திரங்களைத் தர வேண்டும் என்பது விதி. எனினும் விதியை நம்பி வாளாவிருப்பதைவிட வெளிப்படையாக எழுதிவிடுவதே அறிவுடைமை.

ஆணைக் கடிதத்தில் வேறு சிலவற்றையும் மறவாமல் எழுத வேண்டும். வியாபாரி மறுத்தால் அதை நோட்டரியின் முன் பதிவு செய்து ஆட்சேபப் பத்திரம் பெற வேண்டுமா என்பது ஒன்று. அப்படிச் செய்யும்படி எழுதாவிட்டால் பாங்குக்கு அந்தக் கடமை இல்லை. சில நாடுகளில் அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் உண்டியலின்மேல் உள்ள உரிமைகளில் சில போய்விடும். அவசரம் நேர்ந்தால் சரக்கைக் கவனிக்க அந்த ஊரில் நமக்கு ஒரு முகவர் இருந்தால், அவர் பெயரையும் அவருக்கு எவ்வளவு அதிகாரம் என்பதையும் எழுத வேண்டும். அதிகாரத்தைக் குறிப்பிடாவிட்டால் அவர் சொல்வதைப் பாங்கு கேட்காது. வியாபாரி மறுத்துவிட்டார் என்று பாங்கு அறிவித்த பிறகு 60 நாளுக்குள் நாம் மறு ஆணை தராவிட்டால், பத்திரங்களைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பாங்கு விலகிக்கொள்ளலாம்.

எந்த வெளிநாட்டுப் பாங்கின் வழியாக வசூலிப்பது என்பதிலும் ஒரு வஞ்சகம் நிகழ்வதுண்டு. வியாபாரியே தம் பாங்கின் பெயரையும் விலாசத்தையும் எழுதி அனுப்புகிறார். பெயர் புகழ்பெற்ற பாங்கின் பெயர். விலாசமோ அவருடைய ஆளின் அறை. கூரியரில் போன பத்திரங்கள் அந்த அறையைச் சேர்ந்து, சரக்கு மறைந்துவிடுகிறது. ஆகவே விலாசத்தை வியாபாரியின் கடிதத்திலிருந்து எடுக்காமல், நம் பாங்கு தன் பதிவேட்டிலிருந்து எடுத்துச் சரிபார்க்கும்படி சொல்ல வேண்டும். பத்திரங்கள் வந்து சேர்ந்ததாகப் பாங்குகளிடையே வழங்கும் தந்திச் செய்தி பத்து நாள் கழிந்தும் வரவில்லை என்றால் உடனே விசாரிப்பது அவசியம்.

இன்னொரு மயக்கமும் உண்டு. உண்டியலைக் கழிவு போட்டு வாங்கிக்கொண்டு நம் பாங்கு முன்பணம் கொடுத்துவிட்டால், இனி கவலை பாங்குக்குத்தான் என்று சிலர் எண்ணுகின்றனர். வழக்கமான ஏற்பாட்டில் அது அப்படியன்று. வெளிநாட்டு வியாபாரி கொடுக்காவிட்டால், கொடுத்த பணத்தை வட்டியுடன் பாங்கு நம்மிடமே திருப்பி வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது வழி கடனுறுதிக் கடிதம். வணிகர் இதை எல்.சி. என்பர். இதில் வாங்குபவருடைய பாங்கே, ‘இன்னின்ன பத்திரங்களை இன்ன தேதிக்குள் காட்டினால் நானே பணம் தருகிறேன்’ என்று தன் பேரில் வாக்குக் கொடுக்கிறது. வியாபாரி மனம் மாறினாலும், விலை இறங்கினாலும் அந்த வாக்கு நிற்கும். டி.பி., டி.ஏ. இரண்டிலும் பாங்கு வெறும் தூதன். இங்கேதான் அது கடன்காரனாகிறது. அந்தப் பாங்கின் மீதோ அதன் நாட்டின் மீதோ நம்பிக்கை குறைவானால், மற்றொரு பாங்கின் உறுதியையும் கூடுதலாகக் கேட்டுப் பெறலாம்.

ஆனால் இந்த வாக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. பத்திரங்கள் கடிதத்தில் கேட்டபடியே இருக்க வேண்டும். 2007 ஜூலை முதல் நாளிலிருந்து வழங்கும் 600 எண்ணுள்ள விதிகளின்படி, பாங்கு சரக்கைப் பார்ப்பதில்லை. பத்திரங்களை மட்டுமே பார்க்கிறது. அவற்றை ஆராய அதற்கு ஐந்து பாங்கு வேலை நாட்கள் உண்டு. நம் பித்தளைச் சரக்கையே எடுத்துக்கொள்வோம். கடிதத்தில் ‘பிப்ரவரி 28-க்குள் ஏற்ற வேண்டும்’ என்று எழுதியிருக்கிறது. கப்பல் பத்திரமோ மார்ச் 1 தேதியுடையது. ஒரே நாள்தான் வித்தியாசம். ஆனால் பாங்கு பணம் தர மறுக்கலாம். பிறகு வியாபாரி மனமிசைந்து அந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டால்தான் பணம் வரும். கட்டணங்களை எல்லாம் செலுத்திய பிறகு நம்மவர் நிற்கும் இடம் டி.பி. முறையில் நிற்கும் இடமேதான். சரக்கின் வர்ணனை மாறுவது, துறைமுகத்தின் பெயர் பிசகுவது, ஏற்றிய 21 நாளுக்குள் பத்திரங்களைக் காட்டத் தவறுவது ஆகியவையும் இப்படியே முடியும். ஆகையால் கடிதம் கைக்கு வந்த அன்றே அதை வரிவரியாகப் படித்து, நம்மால் நிறைவேற்ற முடியாத நிபந்தனை இருந்தால் சரக்கை ஏற்றுவதற்கு முன்பே திருத்தம் கேட்க வேண்டும். ஏற்றிய பிறகு கேட்பது தயவு வேண்டுவதாகும்.

அப்படியானால் எப்போதும் எல்.சி. கேட்டுவிடலாமே என்றால், வாங்குபவர் அதற்கு எளிதில் இசைவதில்லை. அவருக்குப் பாங்கில் உள்ள கடன் வரம்பு முடங்குகிறது, கட்டணமும் ஆகிறது. 20,000 டாலர் சரக்குக்கு இரு பக்கமும் சேர்ந்து சில நூறு டாலர் போய்விடும். பழகிய வியாபாரி, ‘அடுத்த ஊர்க்காரர் டி.பி.யில் தருகிறாரே’ என்று சொல்லிப் போய்விடக்கூடும்.

இங்கேதான் சிறு ஏற்றுமதியாளர் நடுவழிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பணத்துடன் கூடிய டி.பி. ஒரு நல்ல வழி. நம் கணக்கில் வியாபாரி 30 விழுக்காடு, அதாவது 6,000 டாலர் முன்னதாக அனுப்பியிருந்தார் என்று கொள்வோம். அவர் மறுத்து, நம்மவர் சரக்கை வேறொருவருக்கு விற்று 13,500 பெற்றாலும், மொத்தம் 19,500 கைக்கு வரும். போட்ட முதல் 18,000 தப்பிவிடும். அதைவிட முக்கியமானது, 6,000 டாலரை இழக்க மனமின்றி அவர் மறுப்பதே அரிதாகும் என்பது. மறுத்தால் முன்பணம் திரும்பாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். முன்பணம் எவ்வளவு என்று தீர்மானிக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. துறைமுகச் செலவும், மறுவிற்பனையில் இறங்கக்கூடிய விலையும், சரக்கைத் திருப்பிக் கொண்டுவரும் கூலியும் எவ்வளவு ஆகும் என்று பார்த்து, அதற்குக் குறையாமல் கேட்க வேண்டும்.

தவணை கொடுத்தே ஆகவேண்டும் என்றால், டி.ஏ. உண்டியலில் வியாபாரியின் கையெழுத்துக்கு அருகே அவருடைய பாங்கும் ஜாமீனாகக் கையெழுத்திடும்படி கேட்கலாம். ஐரோப்பிய நாடுகளில் இதை ‘அவால்’ என்பர். அப்போது பாங்கும் அந்த உண்டியலுக்குக் கடன்பட்டதாகிறது. இன்னொரு பக்கம், 1957-இல் இந்திய சர்க்கார் நிறுவிய ஏற்றுமதி இடர் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், இன்று ஈ.சி.ஜி.சி. என்ற பெயரில் இயங்குகிறது. வெளிநாட்டு வியாபாரி திவாலாவதாலும், கொடுக்க மறுப்பதாலும் நேரும் நஷ்டத்தில் பெரும்பகுதியை அதன் பாலிசிகள் ஈடுசெய்கின்றன. ஆனால் சரக்கை ஏற்றுவதற்கு முன்பே அந்த வியாபாரி பேரில் கடன் வரம்புக்கு அனுமதி பெற வேண்டும். கெடு தவறினால் குறித்த காலத்துக்குள் அறிவிக்கவும் வேண்டும். அந்த அனுமதி கேட்கும்போதே வியாபாரியின் நாணயத்தைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும். அனுமதி மறுக்கப்பட்டால் அதுவே ஒரு செய்தியாகும்.

முடிவாக, மூன்று முறைகளையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கலாம். சரக்கு நம் கையை விட்டுப் போகும் அந்தக் கணத்தில் நமக்கு ஈடாகக் கிடைப்பது என்ன? டி.பி.யில் கிடைப்பது பணம். ஆனால் அந்தக் கணம் வராமலே போகலாம். டி.ஏ.யில் கிடைப்பது ஒரு வியாபாரியின் கையெழுத்து. எல்.சி.யில் கிடைப்பது பிழையற்ற பத்திரங்களுக்கு ஒரு பாங்கு தரும் வாக்கு. புதிய வியாபாரிக்கு, அல்லது அவருக்கென்றே தனியாகச் செய்த, வேறெங்கும் விலைபோகாத சரக்குக்கு எல்.சி.யோ தக்க முன்பணமோ இல்லாமல் அனுப்புவது கூடாது. யாரும் வாங்கக்கூடிய சரக்கைக் கடல் வழியே அனுப்பினால் டி.பி. போதுமானது. பல ஆண்டுகள் கெடு தவறாமல் கொடுத்த வியாபாரிக்கு மட்டுமே, அதுவும் ஒரு சரக்கு முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய அளவுக்கு மட்டுமே, டி.ஏ. கொடுக்கலாம். விலையைப் பேசி முடித்த பிறகு பணம் வரும் முறையைப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். ஏனெனில் 60 நாள் தவணையும் அதன் ஆபத்தும் விலையின் ஒரு பகுதியே ஆகும்.